மட்டன் குழம்பில் கொழுப்பு போகும் வழி

ஒரே தெருவில், ஒரே கறிக்கடையில், ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வீட்டார் ஆளுக்கு ஒரு கிலோ வெள்ளாட்டுக்கறி வாங்குகிறார்கள். முதல் வீட்டுக்காரர், "தொடையில போடுங்க பாய், கொழுப்பு வேண்டாம்" என்கிறார். இரண்டாம் வீட்டுக்காரருக்கு நெஞ்செலும்பும் சாப்ஸும் கலந்து வேண்டும். "கொழுப்பு கொஞ்சம் சேர்த்தே போடுங்க, அப்பத்தான் குழம்பு ருசிக்கும்" என்கிறார். இருவரும் கொடுத்த காசு ஒன்றுதான். பையின் எடையும் ஒன்றுதான். ஆனால் அடுப்பில் சட்டி ஏறுவதற்கு முன்பே இரண்டு பைகளுக்கும் இடையில் ஏறக்குறைய 640 கலோரி வித்தியாசம் வந்துவிட்டது.

"மட்டன் குழம்பு ஒரு கப் எத்தனை கலோரி?" என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வது இதனால்தான். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் மனத்திலும் வேறு கறி, வேறு சட்டி, வேறு கரண்டி இருக்கிறது. இந்த இரண்டு வீட்டுச் சட்டிகளையும் கடைசிவரை பின்தொடர்ந்து பார்த்தால் எண் எங்கே மாறுகிறது என்பது பிடிபடும்.

முதலில் ஆட்டைப் பற்றி ஒரு விஷயம். வெள்ளாடு தன் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் பெரும்பாலும் வயிற்றுக்குள்தான்: குடலைப் போர்த்திய வலைக்கொழுப்பு, சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு. தோலுக்கு அடியிலும் சதைக்கு நடுவிலும் அது அதிகம் சேர்ப்பதில்லை. செம்மறியோ தோலுக்கு அடியிலும் சதைகளுக்கு இடையிலும் நன்றாகவே சேர்க்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 100 கிராம் பச்சை வெள்ளாட்டுக்கறிக்கு அது கொடுக்கும் அளவு 118 கலோரி, கொழுப்பு 3.6 கிராம். 'மட்டன்' என்று தனியாக இருக்கும் வரியில் 194 கலோரி, கொழுப்பு 13.3 கிராம். தமிழ்நாட்டில் இரண்டையுமே மட்டன் என்றுதான் சொல்கிறோம். வெளிநாட்டுச் செயலிகளில் மட்டன் என்று தட்டினால் பெரும்பாலும் வருவது செம்மறிதான், அதுவும் அந்த ஊர்க் கொழுத்த செம்மறி. நம் ஊர் வெள்ளாட்டுத் தொடைக்கறிக்கு அந்த எண்ணை எடுத்துக்கொண்டால் கணக்கு இரண்டு மடங்குகூட எகிறும்.

வெள்ளாட்டுக்கு இப்படி ஒரு குணம் இருப்பது நமக்கு வசதி. கொழுப்பு சதைக்குள் ஒளிந்திருப்பது குறைவு என்பதால், கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையை வைத்தே ஓரளவு நம்பிக்கையோடு மதிப்பிடலாம். சிவந்த சதை மட்டும் என்றால், எந்தப் பாகத்தில் வெட்டியதாக இருந்தாலும் 100 கிராமுக்கு 110 முதல் 120 கலோரிக்குள் வந்து நிற்கும். தொடைக்கும் நெஞ்செலும்புக்கும் உள்ள வேறுபாடு சதையில் இருப்பதைவிட, சதையோடு ஒட்டி வரும் வெள்ளையிலும் எலும்பிலும்தான் இருக்கிறது.

அந்த வெள்ளை எல்லாமே கொழுப்பு அல்ல. இதில் பலரும் தவறிவிடுகிறார்கள். கறித்துண்டின் மேல் மினுமினுப்பாக, கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு ஒட்டியிருப்பது ஜவ்வு. நகத்தால் இழுத்தால் நீளும், எளிதில் அறுபடாது. விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டாது. அது கொலாஜன் என்ற புரதம். கிராமுக்கு 4 கலோரிதான், அதுவும் ஈரத்தோடு பார்த்தால் இன்னும் குறைவு. கொழுப்பு என்பது பால்வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். நகத்தால் கீறினால் பொடிந்து வரும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் பிசுக்காகும். பச்சைக் கொழுப்பில் சுமார் முக்கால் பங்குதான் உண்மையான கொழுப்பு. மீதி நீரும் இழையும். கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரி என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்த சராசரி. இன்றும் அதைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆக, 10 கிராம் பச்சைக் கொழுப்பு என்றால் 65 முதல் 70 கலோரி. கட்டைவிரலின் முதல் கணு அளவுள்ள ஒரு கொழுப்புத் துண்டு 4, 5 கிராம் இருக்கும். அது ஒன்றே ஏறக்குறைய 30 கலோரி.

இப்போது இரண்டு பைகளையும் பிரித்துப் பார்ப்போம். முதல் வீட்டு ஒரு கிலோ தொடைக்கறியில் எலும்பு 250 கிராம் போனால் சதை 750 கிராம். வெள்ளையை வெட்டி எடுத்தாகிவிட்டது. இதில் புரதம் சுமார் 154 கிராம், கொழுப்பு சுமார் 25 கிராம். மொத்தம் 840 கலோரி. இரண்டாம் வீட்டுப் பையில் எலும்பு 300 கிராம், சிவந்த சதை 580 கிராம், ஒட்டிய வெள்ளைக் கொழுப்பு 120 கிராம். சதை குறைவு, எலும்பு கூடுதல், ஆனாலும் கலோரி 1,480. அந்த 120 கிராம் வெள்ளை மட்டுமே 800 கலோரிக்கு மேல் சேர்க்கிறது.

இனி சட்டிக்கு வருவோம். இரண்டு வீட்டிலும் ஒரே பக்குவம் என்று வைத்துக்கொள்வோம்: நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, துருவிய தேங்காய் 100 கிராம் அரைத்து ஊற்ற, சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி, இஞ்சி பூண்டு, மல்லி மிளகாய் சோம்பு. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரிக்குப் பக்கம் வரும் என்பதால் நான்குக்கு 495. தேங்காய்க்கு 350. மற்ற எல்லாமே சேர்ந்து 280. கறியில்லாமலே சட்டிக்குள் 1,125 கலோரி வந்துவிட்டது. அதாவது முதல் வீட்டில் கறியைவிட மசாலா பக்கமே கனம். பலர் இதை நம்ப மறுப்பார்கள். கறி என்பதால் கறிதான் கொழுப்பு என்று ஒரு நினைப்பு.

மொத்தத்தில் முதல் சட்டி 1,965, இரண்டாம் சட்டி 2,605. இந்த இரண்டு எண்களும் இனி மாறாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும், குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் தண்ணீர்தான் ஆவியாகும், கலோரி ஆவியாகாது. ஆனால் சட்டிக்குள்ளேயே அது இடம் மாறும். இதுதான் இந்தக் கணக்கில் ரசிக்க வேண்டிய பகுதி.

கறி சூடேறி 60 டிகிரியைத் தாண்டும்போது சதையின் புரத இழைகள் சுருங்குகின்றன. தமக்குள் பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளுகின்றன. 750 கிராம் சதை வெந்து முடிந்ததும் 510 கிராம் அளவில் நிற்கும். போன 240 கிராமில் பெரும்பகுதி நீர். அந்த நீர் குழம்போடு கலந்துவிடுகிறது. கூடவே கரையும் புரதமும் ஜவ்விலிருந்து வரும் ஜெலட்டினும் கொஞ்சம் போகின்றன. ஆறிய குழம்பு லேசாகக் கூழ்போலக் கெட்டிப்படுவதற்கு அந்த ஜெலட்டினும் ஒரு காரணம். இதனால்தான் வெந்த கறியைத் தட்டில் நிறுத்துவிட்டுப் பச்சைக்கறியின் எண்ணைப் பெருக்கினால் தவறாகிவிடும். பச்சையாக 100 கிராம் இருந்தது வெந்து 68 கிராம் ஆகியிருக்கிறது. சதையில் நீர் போய்ச் சத்து செறிந்துவிட்டதால், வெந்த தொடைக்கறி 100 கிராமுக்கு 145 கலோரி. இந்த ஒரு குழப்பத்தாலேயே கணக்கு கால் பங்குவரை விழுந்துவிடுகிறது.

ஒட்டியிருந்த வெள்ளைக் கொழுப்பு என்ன ஆகிறது? அதன் செல்கள் சூட்டில் வெடிக்க, கொழுப்பு உருகிக் குழம்பில் இறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்பது துண்டின் அளவையும் வேகும் நேரத்தையும் பொறுத்தது. சின்னதாக நறுக்கி நீண்ட நேரம் வேகவைத்தால் அதிகம் இறங்கும். பெரிய துண்டாகப் போட்டு குக்கரில் சீக்கிரம் எடுத்தால் பாதி துண்டோடே நிற்கும். நம் இரண்டாம் வீட்டில் பாதி இறங்கியது, பாதி துண்டில் நின்றது என்று கொள்வோம். அப்படியானால் அங்கே கறித்துண்டுகள் 100 கிராமுக்கு 220 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. குழம்பு இரண்டு வீட்டிலும் 900 கிராம் இருப்பதாக வைத்தால், முதல் வீட்டுக் குழம்பு 100 கிராமுக்கு 136 கலோரி, இரண்டாம் வீட்டுக் குழம்பு 176 கலோரி.

முதல் வீட்டு எண்களை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறி 145, குழம்பு 136. கறியும் குழம்பும் எடைக்கு எடை கிட்டத்தட்டச் சமம். "கறி ரெண்டு துண்டு போதும், குழம்பை மட்டும் தாராளமா ஊத்துங்க" என்று சொல்லும் மாமா தான் குறைவாகச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குறைவது புரதம் மட்டும்தான்.

தட்டில் வரும்போது இது எப்படி விரிகிறது? ஒரு குழிக்கரண்டி குழம்பு 60 கிராம் என்று கொள்ளுங்கள். முதல் வீட்டில் எலும்பு நீக்கி 100 கிராம் கறியும் இரண்டு கரண்டிக் குழம்பும் சாப்பிட்டவருக்கு 310 கலோரி. அதே வீட்டில் அதே கறியோடு சோற்றைப் பிசைந்து பிசைந்து ஐந்து கரண்டி ஊற்றிக்கொண்டவருக்கு 550. இரண்டாம் வீட்டில் இரண்டு கரண்டிக்காரருக்கு 435, ஐந்து கரண்டிக்காரருக்கு 750. பெயர் ஒன்றே, மட்டன் குழம்பு. சோற்றைச் சேர்க்காமலே 310 முதல் 750 வரை போகிறது. சோறு 300 கிராம் என்றால் அதற்குத் தனியாக 390.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே சொன்ன கரண்டி, நன்றாகக் கலக்கி எடுத்த கரண்டி. குழம்பு அப்படி ஒரே சீராக நிற்பதில்லை. எண்ணெய் நீரைவிட இலேசு, மேலே மிதக்கும். அடுப்பில் கொதிக்கும்வரை, வெங்காய விழுதும் தேங்காய் விழுதும் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குழம்பிலேயே அலைய விடுகின்றன. நீர் வற்றி விழுது கெட்டிப்படும்போது அந்தப் பிடி உடைகிறது, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே ஏறுகின்றன. சமைப்பவர்கள் 'எண்ணெய் பிரிஞ்சு வந்துடுச்சு, இறக்கலாம்' என்று சொல்லும் கட்டம் இதுதான். நாக்குக்கு அது பக்குவத்தின் அடையாளம். கலோரி கணக்குப் போடுபவருக்கு, இனிமேல் கரண்டி எங்கே முங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்ற அடையாளம்.

இரண்டாம் வீட்டுக் குழம்பில் மொத்தக் கொழுப்பு சுமார் 136 கிராம். நன்றாகக் கலக்கினால் ஒரு கரண்டிக்கு 9 கிராம் வரும். கலக்காமல், செக்கச்செவேலென்று மிதக்கும் மேல்படலத்தை அள்ளினால் ஒரு கரண்டியில் 20 கிராம்கூட வந்துவிடும். அந்த ஒரு கரண்டியிலேயே 100 கலோரி கூடுதல். கலக்காமல் பரிமாறும் விருந்தில் முதல் பந்தியில் உட்காருபவர்களுக்கு மேல் எண்ணெயும், கடைசிப் பந்திக்காரருக்கு அடியில் தங்கிய விழுதும் கிடைக்கும். ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்ட இருவருக்கு வெவ்வேறு கலோரி.

இந்தப் படலத்தை எடுத்துப் பார்க்க எளிய வழி, குளிர்சாதனப் பெட்டி. வெள்ளாட்டுக் கொழுப்பில் ஸ்டியரிக், பால்மிட்டிக் ஆகிய அமிலங்கள் அதிகம் இருப்பதால் சாதாரண அறைச் சூட்டிலேயே உறையத் தொடங்கும். மறுநாள் காலையில் மட்டன் குழம்பின் மேல் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் தகடாக நிற்பது அதுதான். மிளகாயின் நிறம் எண்ணெயில் கரையும் என்பதால்தான் தகட்டுக்கு அந்த நிறம். கரண்டியால் தூக்கி எடுத்து நிறுத்துப் பாருங்கள். 50 கிராம் வந்தால் 400 கலோரி வெளியே போய்விட்டது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. நல்லெண்ணெய் கலந்திருந்தால் தகடு கெட்டியாக நிற்காமல் கொழகொழவென்று இருக்கும், முழுவதும் எடுபடாது. தேங்காய் விழுதுக்குள் சிக்கிய கொழுப்பு பெரும்பாலும் மேலே வரவே வராது. தகடு எடுத்த குழம்பு கொழுப்பில்லாத குழம்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சுக்காவுக்கு இந்தத் தந்திரம் எதுவும் செல்லாது. அங்கே குழம்பு இல்லை, நீர் முழுக்க வற்றி, ஊற்றிய எண்ணெயும் உருகிய கொழுப்பும் மசாலாவோடு துண்டின் மேலேயே படிந்துவிடுகின்றன. குழம்பில் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணெயைச் சட்டியில் விட்டுவரலாம். சுக்காவில் துண்டோடு எல்லாமே இலைக்கு வந்துவிடும். அதனால் சுக்காவைக் கணக்கிடுவது எளிது, சாப்பிடுவதுதான் கனம்: சட்டியில் போன மொத்தத்தையும் வெந்த எடையால் வகுத்தால் போதும்.

நல்லி எலும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பைத் தட்டி உறிஞ்சுபவர்கள் அதை 'எலும்பு' என்று கழித்துவிடுகிறார்கள். வளர்ந்த ஆட்டின் கால் எலும்பு மஜ்ஜை பெரும்பகுதி கொழுப்பு. ஒரு தேக்கரண்டி மஜ்ஜையில் ஏறக்குறைய 40 கலோரி வரும். இளங்கிடா என்றால் மஜ்ஜை சிவப்பாக இருக்கும், கொழுப்பு குறைவு.

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்பினால் வேலை அதிகமில்லை. சமையலறைத் தராசு ஒன்று போதும். வெறும் சட்டியை முதலில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். போடும் எண்ணெயைக் கையளவில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், ஏனென்றால் கணக்கில் பெரிய பிசகு வருவது அங்கேதான். கையால் ஊற்றும்போது நான்கு கரண்டி ஆறாகிவிட்டால் 240 கலோரி கணக்கில் வராமல் போகும். தேங்காயையும் அதேபோல நிறுத்துப் போடுங்கள். வெந்ததும் சட்டியோடு நிறுத்து வெறும் சட்டியைக் கழித்தால் கறி, எலும்பு, குழம்பு மூன்றும் சேர்ந்த எடை வரும். துண்டுகளைத் தனியே எடுத்து நிறுத்தால் மீதி குழம்பு. சாப்பிட்டபின் தட்டோரம் ஒதுக்கிய எலும்பை நிறுத்துக் கழித்தால் உண்மையில் உள்ளே போன கறி தெரியும். நெஞ்செலும்பு சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கடைசி எண் பெரும்பாலும் ஆச்சரியம் தரும்: தட்டில் விழுந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்பாகவே திரும்பி வரும்.

இப்படிச் செய்தாலும் விடை துல்லியமாக இருக்காது. ஆடு ஆட்டுக்கு மாறும், 4-9 என்ற எண்கள் சராசரிகள்தான், சட்டியில் ஒட்டிய மசாலாவை யாரும் நிறுப்பதில்லை. 15, 20 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் அதுவே நல்ல கணக்கு. 310ஆ 750ஆ என்று தெரியாமல் இருப்பதைவிட 260க்கும் 360க்கும் நடுவே என்று தெரிவது போதும்.

அட்டவணை பார்த்துக் கணக்கிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் ஆட்டின் தொடை, முன்சந்து, சாப்ஸ், ஈரல், மூளை என்று பாகம் பாகமாகப் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கணக்குக்கு அதைவிட உதவும் நூல் இல்லை. ஆனால் அதில் ஆற்றல் கலோரியில் இல்லை, கிலோஜூலில் இருக்கிறது. பார்த்த எண்ணை 4.184ஆல் வகுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வகுக்க மறந்தால் 100 கிராம் தொடைக்கறி 450 கலோரிக்கும் மேல் என்று காட்டும்.